கார்ட்டைத் துடைப்பதற்கு முன்

அன்பு வாசகர்களுக்கு,

இந்த இதழின் நடுப்பக்கங்களில் காமன் கூத்துப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். லிந்துலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில், கூத்தின் கடைசி இரவில் எடுத்தவை. மதன், ரதி வேடம் கட்டிய இளைஞர்களின் முகங்களும், தப்பைச் சூடுகாட்டும் கைகளும், காமன் எரியும்போது சுற்றி நிற்கும் சனமும் அச்சில் இத்தனை தெளிவாக வந்ததில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. எடுத்தவர் அதே தோட்டத்தில் பிறந்து, கொழும்பில் கடையொன்றில் வேலை பார்க்கும் இளைஞர். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அவர் திருவிழாவுக்காக ஊருக்குப் போனவர். கையில் கெமரா, ஒரு மெமரி கார்ட், போன். மடிக்கணினி கிடையாது. ஆனாலும் மறுநாள் அவர் கொழும்பு பஸ் ஏறுவதற்கு முன்பே படங்கள் எல்லாம் இணையத்தில் பத்திரமாக இருந்தன. அன்று மாலையே எங்கள் அலுவலகத்தில் அவற்றைத் திறந்து பார்த்தோம். “தோட்டத்துக்குப் போனால் கம்ப்யூட்டர் இல்லை, கார்ட்டில் இருப்பதை எப்படிக் காப்பாற்றுவது?” என்று உங்களில் பலர் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த மாதம் அந்த இளைஞர் செய்ததையே படிப்படியாகச் சொல்கிறேன். ஒருவருடைய வேலையை முழுதாகப் பார்த்தால் எங்கே வழுக்கும் என்பதும் விளங்கும்.

காமனை ஆண்டுக்கு ஒருமுறைதான் எரிப்பார்கள். அந்த இரவின் படங்கள் ஒரே கார்ட்டில் இருக்கும்வரை, கார்ட் பஸ்ஸில் தொலைந்தாலும் பழுதானாலும் அடுத்த மாசிவரை காத்திருக்க வேண்டியதுதான். அடுத்த மாசியில் அதே ஆட்கள் வேடம் கட்டுவார்கள் என்பதற்கும் உறுதியில்லை.

அன்றிரவு அவர் எடுத்தது 420 படங்கள். ஒவ்வொரு படத்தையும் கெமரா இரண்டு விதமாகப் பதிவு செய்தது. ஒன்று, எல்லோரும் அறிந்த ஜேபெக். மற்றது, கெமராவின் சென்சர் கண்டதை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பு. தீயின் வெளிச்சமும் இருட்டும் கலந்த இடத்தில் முகத்தைப் பின்னால் தெளிவாக்க ரோ பெரிதும் உதவும். அவருடையது 24 மெகாபிக்சல் கெமரா. ஒரு ஜேபெக் ஏறத்தாழ 9 எம்.பி., ஒரு ரோ ஏறத்தாழ 28 எம்.பி. ஆக ஜேபெக் எல்லாம் சேர்த்து 3.8 ஜி.பி., ரோ எல்லாம் சேர்த்து 11.8 ஜி.பி. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவர் எடுத்த முடிவுகள் எல்லாம் இவற்றிலிருந்துதான் வந்தன.

கூத்து முடிந்து லயத்துக்கு வந்ததும், தூங்குவதற்கு முன் அவர் செய்த முதல் வேலை, கார்ட்டின் பக்கவாட்டில் உள்ள சின்னஞ்சிறு பூட்டைக் கீழே தள்ளியதுதான். பெரிய எஸ்.டி. கார்ட் எல்லாவற்றிலும் அது இருக்கும். பூட்டிவிட்டால் பெரும்பாலான ரீடர்கள் வழியாக அந்தக் கார்ட்டைப் படிக்கலாம். அதில் எழுதவோ அழிக்கவோ முடியாது. கைதவறி அழிப்பதையும், வேறொருவருடைய கம்ப்யூட்டரிலிருந்து வைரஸ் தொற்றிக் கோப்புகள் மறைந்துபோவதையும் இந்தப் பூட்டு தடுக்கும். மைக்ரோ எஸ்.டி. கார்ட்டில் மட்டும் இந்தப் பூட்டு கிடையாது.

பிறகு கார்ட் ரீடரைப் போனின் சார்ஜ் துளையில் செருகினார். அவருடைய போனின் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்ததால் முதலில் மாமாவின் பழைய போனில்தான் செருகிப் பார்த்திருக்கிறார். அந்தப் போன், இந்தக் கார்ட்டைப் படிக்க முடியவில்லை, Format செய்யட்டுமா என்று கேட்டது. “மாமா அமுக்கப் போனாரு சேர், கையைப் புடிச்சு நிறுத்திட்டேன்” என்றார் என்னிடம்.

அவர் கையைப் பிடித்தது எவ்வளவு நல்லது என்பதை விளக்க வேண்டும். 32 ஜி.பி. வரையிலான கார்ட்களைக் கெமராக்கள் FAT32 என்ற முறையில் ஒழுங்குபடுத்துகின்றன. அதற்கு மேற்பட்ட 64, 128 ஜி.பி. கார்ட்கள் exFAT என்ற முறையில் இருக்கும். பழைய ஆண்ட்ராய்ட் போன்கள் பலவற்றுக்கு இரண்டாவது முறை தெரியாது. தெரியாத கார்ட்டைக் கண்டால் அது பழுதானது என்று எண்ணிக்கொண்டு, துடைத்துப் புதிதாக்கித் தருகிறேன் என்று முன்வரும். கார்ட்டில் ஒரு குறையும் இருக்காது. கார்ட் பூட்டியிருந்தால் போனால் துடைக்க முடியாமல் போகலாம் என்றாலும், அதை நம்பிச் சோதித்துப் பார்க்க வேண்டாம். Format என்ற சொல்லை எந்தப் போனில் கண்டாலும் ரீடரைக் கழற்றிவிட்டு வேறொரு போனில் செருகுங்கள். ஊருக்குப் போகும்போது 64 ஜி.பி. கார்ட் ஒன்றுக்குப் பதில் 32 ஜி.பி. கார்ட் இரண்டு கொண்டுபோவதும் நல்லது. பழைய போனும் படிக்கும். ஒன்று போனாலும் மற்றது மிஞ்சும்.

சில போன்கள் கார்ட் செருகியிருப்பதையே காட்டாது. குறிப்பாக ஒப்போ, விவோ போன்ற சில போன்களில் OTG என்ற ஒன்றை செட்டிங்ஸில் இயக்க வேண்டியிருக்கும். சற்று நேரம் பயன்படுத்தாவிட்டால் அது தானாகவே அணைந்தும் விடும். கார்ட் தெரியவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள். ரீடரைக் குறை சொல்வது அதற்குப் பிறகு.

மாமாவின் போனை விட்டுவிட்டுத் தன் போனைச் சிறிது நேரம் சார்ஜில் போட்டார். பிறகு ரீடரைச் செருகி, கோப்புகளைக் காட்டும் Files செயலியைத் திறந்தார். கார்ட்டுக்குள் DCIM என்று ஒரு கோப்புறை இருக்கும். எந்தக் கெமராவானாலும் படங்களை அதற்குள்தான் போடும். அதிலுள்ள எல்லாவற்றையும் தேர்ந்து, Copy கொடுத்து, போனின் உள்நினைவகத்தில் Kaman-1 என்று புதிதாக ஒரு கோப்புறை திறந்து அதில் போட்டார். Move என்பதைத் தொடவில்லை. Move கொடுத்தால் படம் கார்ட்டைவிட்டு இடம்பெயரும். பாதியில் போன் அணைந்தால் எது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டி வரும்.

கோப்புறைக்கு எண் போட்டதற்கும் காரணம் உண்டு. கெமரா படங்களுக்கு 0001 முதல் 9999 வரை எண் கொடுத்துவிட்டு மீண்டும் 0001இலிருந்து தொடங்கும். சில கெமராக்கள் புதுக் கார்ட் போட்டதும் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே இரண்டு கார்ட்டில் இரண்டு வெவ்வேறு படங்கள் ஒரே பெயரோடு இருக்கலாம். இரண்டையும் ஒரே கோப்புறைக்குள் போட்டால், பழையதை நீக்கிப் புதியதைப் போடட்டுமா என்று போன் கேட்கும். தூக்கக் கலக்கத்தில் ஆம் என்று சொல்லிவிட்டால் ஒரு படம் போய்விடும். கார்ட்டுக்கு ஒரு கோப்புறை என்று வைத்துக்கொண்டால் இந்தக் கேள்வியே எழாது.

ஐபோன், ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு வழி இன்னும் எளிது. ரீடரைச் செருகியதும் போட்டோஸ் செயலியில் Import என்ற பகுதி தெரியும். எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு, கார்ட்டில் உள்ளவற்றை அழிக்கட்டுமா, வைத்திருக்கட்டுமா என்று அது கேட்கும். Keep என்பதைத்தான் தொட வேண்டும். அந்த நேரத்தில் படம் போனில் மட்டுமே ஏறியிருக்கிறது. கார்ட்டைத் துடைத்தால் மறுபடியும் ஒரே பிரதிதான். 2023இல் வந்த ஐபோன் 15 முதல் சார்ஜ் துளை யு.எஸ்.பி. சி ஆகிவிட்டதால் ஆண்ட்ராய்டுக்கு வாங்கும் ரீடரே அவற்றுக்கும் பொருந்தும். அதற்கு முந்திய ஐபோன்களுக்கு லைட்னிங் முனையுள்ள ரீடர் வேண்டும்.

எல்லாம் போனில் ஏறக் கால் மணி நேரம் போல ஆகியிருக்கிறது. ஏறி முடிந்ததும் கோப்புறையின் எண்ணிக்கையைக் கார்ட்டோடு ஒப்பிட்டார். கார்ட்டில் 840 கோப்பு, போனிலும் 840. பிறகு முதற்படம், நடுவில் ஒன்று, கடைசிப் படம் மூன்றையும் திறந்து, பெரிதாக்கிப் பார்த்தார். பாதியில் அறுந்த கோப்பு, பட்டியலில் சிறு உருவமாக நன்றாகவே தெரியும். திறந்து பெரிதாக்கும்போதுதான் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருப்பது தெரியவரும். எண்ணிக்கையையும் பார்த்துப் படத்தையும் திறந்து பார்ப்பது இதற்காகத்தான்.

அத்தோடு ரீடரைக் கழற்றி, கார்ட்டைத் தங்கையிடம் கொடுத்து அலுமாரியில் வைக்கச் சொன்னார். போனும் கார்ட்டும் ஒரே பையில் இருந்தால், பை தொலைந்தால் இரண்டும் சேர்ந்து போகும். இந்தச் சிறு முன்னெச்சரிக்கைக்கு ஒரு சதமும் செலவில்லை.

அடுத்தது கிளவுட். அதாவது, தொலைவில் உள்ள நிறுவனமொன்றின் கணினிகளில் நம் கணக்கின் பெயரில் ஒரு பிரதி. லிந்துலையில் எங்கிருந்து ஏற்றுவது என்பதுதான் அங்கே முதற்கேள்வி. அவர்களுடைய லயம் பள்ளத்தில், கோயில் மேட்டில். பள்ளத்தில் போனில் கோடுகள் தெரியும், வாட்ஸ்அப் செய்தியும் போகும், ஆனால் பெரிய கோப்பு நகராது. சிக்னல் கோடுகளை நம்பாமல் அவர் ஒரு சோதனை செய்தார். ஒரே ஒரு ரோ கோப்பை, 28 எம்.பி., கூகுள் ட்ரைவில் ஏற்றி மணிக்கூட்டைப் பார்த்தார். லயத்து வாசலில் ஏழு நிமிடம் பிடித்தது. கோயில் மேட்டுக்கு ஏறி இன்னொன்றை ஏற்றினார். ஒரு நிமிடத்துக்குச் சற்றே குறைவாகப் போய்விட்டது.

கணக்கு இப்போது கைக்குள் வந்துவிட்டது. லயத்திலிருந்து நிமிடத்துக்கு 4 எம்.பி. என்றால் ஜேபெக் மட்டும் ஏற ஏறத்தாழ 16 மணி நேரம். மேட்டிலிருந்து நிமிடத்துக்கு 30 எம்.பி. என்றால் அதே ஜேபெக் இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும். ரோ எல்லாவற்றுக்கும் மேட்டிலிருந்தேகூட ஆறரை மணி நேரம் வேண்டும். அவருக்கு நண்பகலில் பஸ். எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் கோப்பு ஒன்றை ஏற்றிப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் நாம் இறக்கும் வேகமும் ஏற்றும் வேகமும் ஒன்றல்ல. யூடியூப் தங்குதடையின்றி ஓடும் இடத்தில்கூட ஏற்றும் வேகம் மிகக் குறைவாக இருக்கலாம்.

நேரத்தைப் போலவே இடமும் அளவானது. கூகுள் கணக்கு ஒன்றுக்கு இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி. மின்னஞ்சல், ட்ரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் இது. ஒருகாலத்தில் சுருக்கிய படங்களைக் கணக்கில்லாமல் ஏற்ற முடிந்தது. 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை இல்லை. ஆப்பிளின் ஐகிளவுட் இலவசமாகக் கொடுப்பது 5 ஜி.பி. நம் இளைஞரின் கணக்கில் ஏற்கெனவே 6 ஜி.பி. நிரம்பியிருந்தது. மிச்சம் 9 ஜி.பி. ரோ எல்லாம் 11.8 ஜி.பி. ஆகவே நேரம் இருந்திருந்தாலும் அவை அந்தக் கணக்குக்குள் அடங்கியிருக்காது.

அதனால் அவர் வரிசை வகுத்தார். முதலில் ஜேபெக் 420உம். அவை ஏறிவிட்டால் இரவு முழுவதும் காப்பாற்றப்பட்ட மாதிரி. அடுத்து, ரோவில் ஈடுசெய்ய முடியாத 60 மட்டும்: தீயின் பக்கத்து முகங்கள், ரதி அழும் காட்சி, வயதான வாத்தியார் பாடும் படங்கள். அவை 1.7 ஜி.பி., மேட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடியும். மீதி ரோ கோப்புகள் கார்ட்டிலும் போனிலுமாக இரண்டு பிரதிகளாக இருக்கும். கொழும்புக்குப் போய் வைஃபையில் பார்த்துக்கொள்ளலாம். மொத்தம் ஏற வேண்டியது 5.5 ஜி.பி., மூன்று மணி நேரம். நேரமும் இடமும் குறைவாக இருக்கும்போது எதை முதலில் அனுப்புவது என்று தீர்மானிப்பதுதான் இந்த வேலையின் மையம். எல்லாவற்றையும் ஒன்றாகத் தள்ளிவிட்டவர்களுக்கு, பஸ் வரும் நேரத்தில் எந்தப் படம் ஏறியது, எது ஏறவில்லை என்றே தெரியாமல் போகும்.

டேட்டா விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டு நிறுவனங்களின் பெக்கேஜ் பலவற்றில் எந்நேரமும் பயன்படுவது, இரவில் மட்டும் பயன்படுவது என்று இரண்டு பங்கு இருக்கும். பெரிய எழுத்தில் போட்டிருப்பது இரண்டும் சேர்ந்த தொகை. நீங்கள் காலையில் மேட்டில் நின்று ஏற்றும்போது எந்நேரப் பங்குதான் குறையும். ரீலோட் செய்யும் முன் அந்தப் பங்கு எவ்வளவு என்று பாருங்கள்.

ஜேபெக்கை அவர் கூகுள் போட்டோஸ் வழியாக ஏற்றினார். அதில் மூன்று செட்டிங்ஸ் சரியாக இருக்க வேண்டும். தரம் Original quality என்று இருக்க வேண்டும். Storage saver என்று இருந்தால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்களைக் குறைத்து, அழுத்திச் சிறிதாக்கிவிடும். அச்சுக்கு அது இழப்பு. இரண்டாவது, Mobile data usage என்ற இடம். வைஃபை இல்லாதபோது டேட்டாவைத் தொடாமலோ, நாளுக்குச் சில எம்.பி. மட்டும் தொட்டோ நிற்கும்படி அது வைக்கப்பட்டிருக்கலாம். தோட்டத்தில் போய்ப் படம் ஏறவில்லை என்று தவிப்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். மூன்றாவது, கோப்புறை. Kaman-1இல் ரோவும் இருப்பதால், ஜேபெக்கை மட்டும் வேறொரு கோப்புறைக்குப் பிரதி எடுக்க வேண்டும். அதைப் போட்டோஸ் தானாக எடுத்துக்கொள்ளாது. போனிலுள்ள கோப்புறைகளின் பட்டியலில் அதைத் திறந்து, Back up என்பதை இயக்க வேண்டும். தேர்ந்த 60 ரோ கோப்புகளை அவர் கூகுள் ட்ரைவில் தனியாக ஏற்றினார். ட்ரைவ் எந்தக் கோப்பையும் சுருக்காது. கொடுத்தது கொடுத்தபடி இருக்கும்.

ஏறும் நேரம் முழுவதும் திரையை அணைக்காமல், அந்தச் செயலியைத் திறந்தபடியே வைத்திருந்தார். பேட்டரியைச் சேமிக்கும் ஏற்பாடுகள் பின்னணியில் நடக்கும் வேலையை நிறுத்திவிடும். ஐபோனிலும் பேட்டரி சிக்கன முறை இயங்கினால் ஏற்றம் நின்றுபோகலாம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால், ஊர் போய்ப் பார்க்கும்போது தொடங்கிய இடத்திலேயே நின்றிருக்கும். ஒரு பவர்பேங்க் இருந்தால், திரை எரிந்தபடியே இருந்தாலும் பேட்டரி தீராது.

இடையில் அவருக்கு ஒரு திகைப்பு ஏற்பட்டது. Backup complete என்று வந்துவிட்டது, ஆனால் போட்டோஸைத் திறந்தால் காமன் படம் ஒன்றுகூட மேலே இல்லை. “எல்லாம் போச்சுன்னே நெனச்சேன் சேர்” என்றார். படங்கள் அங்கேதான் இருந்தன, பல ஆண்டுகள் கீழே. அவருடைய கெமரா நீண்ட நாள் பேட்டரி இல்லாமல் கிடந்ததால் அதன் திகதி பழைய ஆண்டொன்றுக்குப் போய்விட்டிருந்தது. கூகுள் போட்டோஸ், படம் ஏறிய நாளைப் பார்க்காமல் கெமரா எழுதிய நாளைப் பார்த்து அடுக்குகிறது. இப்படி நேர்ந்தால் தேடும் இடத்தில் Recently added என்பதைத் திறந்து பாருங்கள். கடைசியாக ஏறியவை அங்கே இருக்கும். திகதியை எல்லாப் படங்களுக்கும் ஒருசேரத் திருத்தும் வசதி photos.google.com தளத்தில் உண்டு. ஊருக்குப் புறப்படும் முன் கெமராவின் கடிகாரத்தைப் போனோடு ஒப்பிட்டுச் சரிசெய்துவிட்டால் இந்த வேலையே வராது.

ஏறியது உண்மைதானா என்பதை அவர் மாமாவின் போனில் சரிபார்த்தார். அந்தப் போனின் பிரவுசரில், பார்த்தது எதுவும் போனின் நினைவில் நிற்காத இன்காக்னிடோ முறையில் தன் கணக்குக்குள் நுழைந்து, மூன்று படங்களைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். தன் போனில் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். தன் போனில் தெரிவது போனிலுள்ள பிரதியாகவும் இருக்கலாம். வேறொரு கருவியில் தெரிந்தால்தான் இணையத்தில் இருக்கிறது என்று உறுதி.

இதற்குப் பிறகு வரும் ஓர் ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருடைய படங்கள் ஏறிய பிறகுதான் போகின்றன. போனில் இடம் நிரம்பிவிட்டது என்று கூகுள் போட்டோஸைத் திறந்து படங்களைத் தேர்ந்து அழிக்கிறோம். கிளவுடில்தான் இருக்கிறதே என்று நினைக்கிறோம். அப்படி அழித்தால் போனிலும் கிளவுடிலும் சேர்ந்தே அழியும். ஐகிளவுட் போட்டோஸும் இதேபோல் இரண்டையும் இணைத்தே வைத்திருக்கிறது. போனில் மட்டும் இடம் உண்டாக்க வேண்டுமானால் கூகுள் போட்டோஸில் Free up space என்ற வழி இருக்கிறது. அது ஏறி முடிந்தவற்றின் போன் பிரதியை மட்டும் நீக்கும். தவறி அழித்திருந்தாலும் உடனே கலங்க வேண்டாம். ஏறிய படங்கள் கூகுளின் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், ஆப்பிளில் 30 நாள். அதற்குள் மீட்கலாம்.

போனே தொலைந்தால் என்ன ஆகும்? படங்கள் கிளவுடில் இருக்கும், ஆனால் உள்ளே போக ஒரு எண்ணைத் தொலைந்த போனுக்கே கூகுள் அனுப்பும். இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருப்பவர்களுக்காகக் கூகுள் கணக்கில் Backup codes என்ற பெயரில் எட்டு இலக்க எண்கள் பத்து தரப்படுகின்றன. அவற்றைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வைத்துக்கொண்டால், எந்தப் போனிலிருந்தும் உள்ளே போகலாம். பயணம் புறப்படும் முன் செய்ய வேண்டிய வேலை இது. தொலைந்த பிறகு செய்ய முடியாது.

கிளவுடுக்கு எல்லை உண்டு என்பதையும் நாம் நேரில் கண்டோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தபோது பாதை அடைபட்டது, மின்சாரம் நின்றது, பல இடங்களில் போனும் செத்துப்போனது. அந்த நேரத்தில் எதையும் ஏற்றியிருக்க முடியாது. கார்ட்டிலும் போனிலும் தனித்தனி இடத்தில் வைத்த பிரதிகள்தான் துணை. மறுபுறம், மண்சரிவில் வீட்டை இழந்தவர்களின் கலியாண அல்பங்களும், அலுமாரியில் இருந்த கார்ட்களும் வீட்டோடு போயின. புயலுக்கு முன்பே கிளவுடில் ஏறியிருந்தவை மட்டும் எந்தச் சேதமும் இல்லாமல் இருந்தன. கையில் ஒன்று, தொலைவில் ஒன்று என்று இரண்டும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நம் இளைஞர் கொழும்பு போய், போனிலிருந்த மீதி ரோ கோப்புகளைக் கடை முதலாளியின் கணினியில் இறக்கி, வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க்கில் போட்டார். அதன் பிறகுதான், தங்கையிடமிருந்து கார்ட்டைத் திரும்ப வாங்கி, பூட்டைத் திறந்து, கெமராவிலேயே அதைத் துடைத்தார். கார்ட்டைப் போனிலோ கணினியிலோ துடைக்காமல் கெமராவில் துடைப்பதே நல்லது. கெமரா தனக்கு வேண்டியபடி ஒழுங்குபடுத்திக்கொள்ளும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த இதழுக்குப் படம் அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள். அது அளவைச் சுருக்கிவிடும். ஒரு முழுப்பக்கத்தில் தெளிவாக அச்சிட ஏறத்தாழ 2,500க்கு 3,500 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப முடியும் என்றால் Document என்பதைத் தேர்ந்து அனுப்புங்கள், சுருங்காது. கூகுள் ட்ரைவில் ஏற்றி இணைப்பை அனுப்பினால் இன்னும் நல்லது. படத்தோடு தோட்டத்தின் பெயர், டிவிஷன், எடுத்த நாள், படத்தில் இருப்பவர்கள் யார் என்பதையும் எழுதுங்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

அடுத்த திருவிழாவுக்கு ஊருக்குப் போகும் முன், வீட்டிலேயே ஒருமுறை ரீடரைச் செருகி, பத்துப் படங்களை ஏற்றி, வேறொரு போனில் திறந்து பாருங்கள். அங்கே சரியாக வந்தால் மேட்டிலும் சரியாக வரும்.

அன்புடன்,
ஆசிரியர்